நுவரெலியாவில் சைக்கிள் வாடகைக்கு: படத்துக்குக் கீழே என்ன எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது?

"சைக்கிள் வாடகைக்கு உண்டு, தொடர்புகொள்க" என்று படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிறகு வாட்ஸ்அப்பில் நாள் முழுக்க ஒரே நாலு கேள்விதான் வரும். மணித்தியாலத்துக்கு எவ்வளவு? எவ்வளவு கட்டிவைக்கணும்? ஹெல்மட் தருவீங்களா? எங்கே ஓட்டலாம்? இதற்குப் பதில் சொல்வது சின்ன வேலை. வண்டி திரும்பி வரும்போது "இதை முன்னமே சொல்லலையே" என்று தொடங்கும் வாக்குவாதம்தான் பெரிய தொல்லை. கேப்ஷனை அதை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

உதாரணத்துக்கு, கிரகரி வாவிக்குப் பக்கத்தில் ஆறு கியர் சைக்கிள் வைத்திருக்கும் ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் ரூபாக் கணக்கெல்லாம் மாதிரிக்குத்தான். உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: விலைக்கு முன்னால் பாதையைக் கணக்கிடுங்கள்

சமதரையில் கிலோமீட்டரைச் சொன்னால் நேரம் தானாக விளங்கிவிடும். மலைநாட்டில் அப்படி இல்லை. நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நானுஓயா ரயில் நிலையம் 1,623 மீட்டரில். இடையில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வீதி. போகும்போது மிதிக்கவே தேவையில்லை, அரை மணித்தியாலத்தில் நிலையத்தில் நிற்கலாம். திரும்பி வரும்போது அதே 245 மீட்டரை ஏற வேண்டும். பழக்கமில்லாதவர் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறுவார், நடுவில் இறங்கித் தள்ளவும் செய்வார். அதற்கு மட்டும் ஒன்றேகால் மணித்தியாலம் போய்விடும். தேத்தண்ணி குடித்து, ரயில் பார்க்க அரை மணித்தியாலம் சேர்த்தால் மொத்தம் இரண்டேகால். "நானுஓயா, 8 கி.மீ." என்று மட்டும் எழுதினால் வாடிக்கையாளர் ஒரு மணித்தியாலத்துக்குத்தான் வண்டி எடுப்பார். பிந்தி வருவார், தாமதக் கட்டணம் கேட்டால் முகம் சுளிப்பார். அவர்மேல் பிழை சொல்ல முடியாது.

ஆகவே ஒவ்வொரு பாதைக்கும் போய்வர எடுக்கும் முழு நேரத்தையும், ஏற்றம் போகும்போதா வரும்போதா என்பதையும் எழுதுங்கள். மூன்று பாதை போதும்.

வாவியைச் சுற்றி: கிட்டத்தட்டச் சமம், பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ஏற்றது, ஒரு மணித்தியாலம் தாராளம். வாவிப் பூங்காவுக்குள் போக நுழைவுச்சீட்டு தனி என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

சீதாஎலிய சீதை அம்மன் கோயில்: பதுளை வீதியில் நகரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். கும்பிட்டு வர இரண்டு மணித்தியாலம். இன்னும் கீழே போனால், நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் ஹக்கல தாவரவியல் பூங்கா. பூங்காவைச் சுற்றிப் பார்க்கவே ஒரு மணித்தியாலம் வேண்டும், வரும் வழி ஏற்றம். எனவே ஹக்கலவுக்கு நாள் வாடகையைப் பரிந்துரையுங்கள்.

நானுஓயா: மூன்று மணித்தியாலப் பொதி, காலையில் மட்டும். பஸ்ஸும் லொறியும் ஓடும் வளைவு வீதி இது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பின்னால் வரும் வாகனத்துக்குச் சைக்கிள் தெரியாது. ரதெல்ல குறுக்கு வீதியைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். செங்குத்தான இறக்கம், விபத்துக்குப் பேர்போன இடம். யாராவது கேட்டாலும் "எங்கள் வண்டியில் இல்லை" என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: கட்டணம், கூடவே தாமதக் கணக்கு

மாதிரிக் கடையின் கட்டணம்: மணித்தியாலத்துக்கு 500 ரூபா, மூன்று மணித்தியாலத்துக்கு 1,300, காலை 8 முதல் மாலை 5.30 வரை முழு நாளுக்கு 2,500. இதை எழுதுவது சுலபம். சிக்கல் தாமதத்தில்தான்.

முதல் 15 நிமிடம் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் 250 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் காலை 9.10க்கு இரண்டு மணித்தியாலத்துக்கு வண்டி எடுக்கிறார். 11.10க்கு வர வேண்டியவர் 11.35க்கு வருகிறார். 25 நிமிடத் தாமதம், ஓர் அரை மணித்தியாலம் என்று எடுத்தால் மொத்தம் 1,250 ரூபா. யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அவரே 12 மணிக்கு வந்தால்? 50 நிமிடம், இரண்டு அரை மணித்தியாலம், மொத்தம் 1,500. "மூன்று மணித்தியாலத்துக்கே 1,300தானே, நான் மூன்று மணித்தியாலம்கூட ஓட்டவில்லையே" என்பார். அவர் கேட்பது நியாயம். விலைப் பட்டியலே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

இதைத் தீர்க்க ஒரு வரி போதும்: "தாமதக் கட்டணம் சேர்ந்தாலும் அடுத்த பொதியின் விலையைத் தாண்டாது." உங்கள் பட்டியலில் இப்படி முட்டும் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

நேரம் எப்போது தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். இருக்கையை உயர்த்தி, ஹெல்மட் மாட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது. வண்டி கடை வாசலைத் தாண்டும் நேரத்தைச் சீட்டில் குறிப்பதுதான் சரி.

படி 3: வைப்புப் பணம்

வண்டியின் முழு விலைக்கும் வைப்புக் கேட்டால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அடிக்கடி உடையும் பாகங்களின் விலைக்கு ஈடாக இருந்தால் போதும். வண்டி வலப்பக்கம் விழுந்தால் முதலில் அடிபடுவது பின் கியர் மாற்றியும் அதைத் தாங்கும் சின்னக் கொக்கியும். அடுத்தது பிரேக் கைப்பிடி. இவற்றின் விலையை உங்கள் பாகக் கடையில் கேட்டுக் கூட்டி, வட்டமான ஒரு தொகை வையுங்கள். மாதிரிக்கு 5,000 ரூபா.

கடவுச்சீட்டை வாங்கி வைக்க வேண்டாம். பயணி அதைக் கையில் வைத்திருக்க வேண்டியவர். அது தொலைந்தால் உங்கள் ஆறு சைக்கிளை விற்றாலும் அந்த அலைச்சல் தீராது. அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ பார்த்து இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கையிலேயே கொடுத்துவிடுங்கள். கேப்ஷனில் "கடவுச்சீட்டை வாங்கி வைக்கமாட்டோம்" என்று எழுதினால் வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்களுக்கு நம்பிக்கை வரும்.

எதற்குப் பிடிப்பீர்கள், எதற்குப் பிடிக்கமாட்டீர்கள் என்பதும் தெரிய வேண்டும். டியூப் பஞ்சர் கடையின் பொறுப்பு என்று வைப்பதே நல்லது. காற்றுக் குறைந்த சில்லு குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்ததுபோல் இரண்டு துளை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். காற்றடித்துக் கொடுத்திருக்க வேண்டியது கடைதான். ஆனால் வளைந்த ரிம், உடைந்த கைப்பிடி, தொலைந்த பூட்டு ஆகியவை ஓட்டியவர் கணக்கு. வண்டி வெளியே போகுமுன் இரண்டு பக்கமும் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், பழைய கீறலா புதிய கீறலா என்ற பேச்சே எழாது.

படி 4: ஹெல்மட்

"ஹெல்மட் கட்டாயம்" என்று மட்டும் எழுதினால், கொண்டு வரணுமா, தனிக் காசா என்று கேள்வி வரும். "ஹெல்மட் வாடகைக்குள் அடங்கும். அணியாமல் வண்டி தரமாட்டோம்" என்றால் தெளிவு. பிள்ளைகளின் அளவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். பெரியவரின் ஹெல்மட்டைப் பிள்ளைக்கு இறுக்கிக் கட்டினாலும் விழும்போது அது பின்னால் சரிந்து நெற்றியைக் காட்டிவிடும்.

கடையில் பார்க்க வேண்டியது: முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் இருக்க வேண்டும், நாடிப் பட்டிக்குள் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழைய வேண்டும். உச்சியில் கொண்டை போட்டிருந்தால் ஹெல்மட் உட்காராது. கூந்தலைக் கழுத்தருகே தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

படி 5: சேர்த்து எழுதுங்கள்

தொலைபேசித் திரையில் முதல் இரண்டு வரிதான் தெரியும், மற்றதெல்லாம் தட்டினால்தான் விரியும். அதிலும் தமிழில் இடம் சீக்கிரம் தீரும். எனவே வாழ்த்து, அழைப்பு எதுவும் வேண்டாம். இடமும் விலையும் முதலில் வரட்டும்.

> கியர் சைக்கிள் வாடகைக்கு, கிரகரி வாவி அருகில், நுவரெலியா. மணிக்கு ரூ. 500, ஹெல்மட் சேர்த்து.
>
> 3 மணித்தியாலம் ரூ. 1,300. முழு நாள் (காலை 8 – மாலை 5.30) ரூ. 2,500. வண்டி வாசலைத் தாண்டும்போது நேரம் தொடங்கும். 15 நிமிடத் தாமதம் பரவாயில்லை. அதற்கு மேல் அரை மணிக்கு ரூ. 250, ஆனால் அடுத்த பொதியின் விலையைத் தாண்டாது.
>
> வைப்புப் பணம் ரூ. 5,000, திரும்பி வந்ததும் கையில் தருவோம். கடவுச்சீட்டை வாங்கி வைக்கமாட்டோம். பஞ்சர் எங்கள் பொறுப்பு. உடைந்த, தொலைந்த பாகங்களுக்குக் கடையில் உள்ள பட்டியல் விலை.
>
> ஹெல்மட் இல்லாமல் வண்டி தரமாட்டோம். பிள்ளைகள் அளவும் உண்டு.
>
> எங்கே போகலாம்?
> வாவியைச் சுற்றி: சமம், 1 மணித்தியாலம். பூங்கா நுழைவுச்சீட்டு தனி.
> சீதை அம்மன் கோயில்: 2 மணித்தியாலம். ஹக்கல வரை போனால் நாள் வாடகை எடுங்கள், வரும் வழி ஏற்றம்.
> நானுஓயா: போக இறக்கம், வர ஏற்றம், 3 மணித்தியாலம், காலையில் மட்டும்.
>
> கடைசி வண்டி மாலை 4 மணிக்கு. கடும் மழையில் தரமாட்டோம்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் முறையைக் கேப்ஷனில் எழுத வேண்டாம், அங்கே யாரும் படிக்கமாட்டார்கள். வண்டியைக் கொடுக்கும்போது வாயால் சொல்லுங்கள்: இரண்டு பிரேக்கையும் சேர்த்து, பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்க வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் கட்டை சூடேறிப் பிடிப்புக் குறையும். ரிம் பிரேக் வண்டியில் மழை பெய்தால் முதல் அழுத்தம் ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைப்பதோடு சரி, வண்டி அதற்குப் பிறகுதான் நிற்கத் தொடங்கும். ஆகவே வளைவுக்கு வெகு முன்னாலேயே பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் வசந்த காலத்தில் வாவி வீதிகள் வாகனத்தால் நிரம்பிவிடும். அந்த மாதத்துக்கு முதல் பாதையை "காலை 8 மணிக்கு முன்" என்று மாற்றி, கடையையும் 6.30க்கே திறவுங்கள். முழு நாள் வரியில் உள்ள நேரத்தைத் திருத்த மறக்க வேண்டாம். விலையைக் கூட்டினால் பழைய பதிவுகளிலும் வாசலில் தொங்கும் பலகையிலும் அதே நாளில் திருத்துங்கள். பழைய கேப்ஷனைத் திரையில் எடுத்துக் காட்டுபவரிடம் புது விலை கேட்க முடியாது.