விசா முடிவு வரும் முன் ஊருக்கு லீவு கேட்பது: பிரிட்டனில் வேலை பார்க்கும் குமரி மாவட்டத்தாருக்கு

பிரிட்டனில் வேலை விசாவைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டு, முடிவு வரும் முன்னே ஊருக்குப் போனால் அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கணக்கில் கொள்ளப்படும். பழைய விசாவில் இன்னும் நாள் மிச்சம் இருந்தாலும் இதுதான் விதி. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ‘பழைய விசா அக்டோபர் வரை இருக்கிறதே, போய்விட்டு வரலாம்’ என்று நினைக்கிறார்கள். திரும்பி வர அந்த விசா உதவலாம், ஆனால் புதுப்பிப்பு விண்ணப்பம் கையை விட்டுப் போயிருக்கும். பழைய விசா காலாவதியான பிறகு கிளம்பினால் திரும்பும் வழியே அடைபடும், நாகர்கோவிலில் இருந்தபடி புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரும்.

காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பிரிட்டனில் தங்கவும் வேலை பார்க்கவும் பழைய உரிமை தொடரும். அது பயணத்துக்கு உதவாது. ஆக, லீவு நாள் முழுக்க முழுக்க விசா முடிவைச் சார்ந்தது. முடிவு எந்த நாளில் வரும் என்பதோ யாருக்கும் தெரியாது. நாட்டுக்குள் இருந்தே விண்ணப்பித்தால் அடையாளச் சரிபார்ப்பும் ஆவணங்களும் முடிந்த நாளிலிருந்து வழக்கமாக 8 வாரம் என்று சொல்வார்கள். அது வழக்கம்தான், வாக்குறுதி அல்ல.

2026ஆம் ஆண்டு நாட்காட்டியை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மருத்துவமனையில் செவிலியர் வேலை, பழைய விசா அக்டோபர் 20இல் முடிகிறது. கணவரும் இரண்டு பிள்ளைகளும் சார்ந்தோர் விசாவில் இருக்கிறார்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் பெருவிழாவுக்கு ஊரில் இருக்க வேண்டும். நவம்பர் 29 ஞாயிறன்று தக்கலையில் கட்டிய வீட்டுக்குப் பால்காய்ச்சு. கேட்கும் லீவு நவம்பர் 23 திங்கள் முதல் டிசம்பர் 6 ஞாயிறு வரை, 14 நாள். கைரேகை கொடுத்தது செப்டம்பர் 15. அதிலிருந்து 8 வாரம் என்றால் நவம்பர் 10.

இனி லீவுச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறு ஏதும் இல்லையென்றால், எத்தனை நாள் லீவோ அதைப்போல் இரு மடங்கு நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். 14 நாளுக்கு 28 நாள், அதாவது அக்டோபர் 26க்கு முன், கடைசியாக அக்டோபர் 25. மறுப்பதானால் நிர்வாகம் லீவின் நீளத்துக்குச் சமமான நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், அதாவது நவம்பர் 9க்கு முன், கடைசியாக நவம்பர் 8. சிக்கல் எங்கே என்று இப்போது தெரியும்: லீவு கேட்கும் கடைசி நாளும் மறுக்கும் கடைசி நாளும் கழிந்த பிறகுதான் அந்த 8 வாரமே நிறைகிறது. ‘விசா வரட்டும், அப்புறம் கேட்போம்’ என்று காத்திருந்தால் லீவு போச்சு. விசாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் உறுதியாக லீவு எடுத்துவிட்டாலோ, விசா வராதபோது அந்த நாட்கள் லீவுக் கணக்கில் கழிந்து, வீட்டில் உட்கார்ந்திருக்க நேரலாம்.

வழி ஒன்றுதான். அக்டோபர் 26க்கு முன்பே, ஒரே கடிதத்தில் இரண்டு கால அளவுகளையும் ஒரு கெடு நாளையும் எழுதிக் கேட்பது. முதல் காலம் நவம்பர் 23 – டிசம்பர் 6. மாற்றுக் காலம், பொங்கலை உள்ளடக்கிய ஜனவரி 10 – 23. பல மருத்துவமனைகளில் லீவு ஆண்டு மார்ச் 31இல் முடிவதால் ஜனவரிக்கு மாற்றினால் நாள் வீணாகாது. கிறிஸ்துமஸ் வாரத்தை மாற்றாகக் கேட்காதீர்கள், வார்டில் எல்லோரும் அதற்குத்தான் கை நீட்டுவார்கள்.

கெடு நாள் நவம்பர் 12 வியாழன், மாலை 5 மணி. 8 வாரம் முடிந்து இரண்டு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. வார்டில் ஆள் மாற்றிப் போடவும் பத்து நாள் இருக்கிறது. கடிதத்தின் பொருள் இப்படி இருக்கட்டும்:

‘நவம்பர் 23 திங்கள் முதல் டிசம்பர் 6 ஞாயிறு வரை, இரண்டு நாளும் உட்பட, லீவு கேட்கிறேன். டிசம்பர் 7 திங்கள் காலை வேலைக்கு வருவேன். எனக்கும் குடும்பத்தார் மூவருக்கும் விசா அனுமதி நவம்பர் 12 மாலை 5 மணிக்குள் கிடைத்துவிட்டால் மட்டுமே இந்த லீவை எடுப்பேன். கிடைக்காவிட்டால் அன்று மாலையே இதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அதற்குப் பதில் ஜனவரி 10 முதல் 23 வரை லீவு வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புதல் உண்டா என்று எழுத்தில் தெரிவிக்கவும்.’

இதில் ‘அனுமதி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘முடிவு வந்தால்’ என்று எழுதினால் மறுப்பும் ஒரு முடிவுதான். ‘மூவருக்கும்’ என்பதும் அப்படியே. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் முடிவு தனித்தனியே வரும், ஒரே நாளில் வரவேண்டும் என்றில்லை. அம்மாவுக்கு வந்து இளைய பிள்ளைக்கு வராவிட்டால் பயணம் நிற்கும். தேதியை 3/12 என்று எழுத வேண்டாம். மாதத்தைப் பெயராகவே எழுதி கிழமையையும் சேர்த்தால், எண் பிசகினாலும் கிழமை காட்டிக் கொடுத்துவிடும்.

ஒப்புதல் வந்தாலும் அனுமதிக்கு முன் டிக்கெட் எடுக்காதீர்கள். எடுத்தே தீர வேண்டுமென்றால் தேதி மாற்றும் கட்டணம் எவ்வளவு, பணம் திரும்புமா என்பதைப் பார்த்துவிட்டு எடுங்கள். அனுமதிக் கடிதம் வந்த அன்றே இணையக் கணக்கில் ஈவிசாவைத் திறந்து, புதிய காலாவதி தேதியும் கையில் உள்ள பாஸ்போர்ட் எண்ணும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று நால்வருக்கும் பாருங்கள். திரும்பும்போது திருவனந்தபுரத்தில் விமான நிறுவனத்தார் பார்ப்பது இதைத்தான்.

காத்திருப்பே வேண்டாம் என்பவர்களுக்குக் கட்டணச் சேவை உண்டு. ஒருவருக்கு 500 பவுண்டு கூடுதலாகக் கட்டினால் ஐந்து வேலை நாளில், 1,000 கட்டினால் அடுத்த வேலை நாளில் முடிவு கிடைப்பது வழக்கம். விண்ணப்பிக்கும்போதே தெரிவு செய்ய வேண்டும். நான்கு பேருக்குப் பெருக்கிப் பார்த்தால் ஜனவரிப் பயணமே தேவலாம் என்று தோன்றும்.

மேலாளரைவிட ஊரில் இருப்பவர்களிடம் சொல்வதுதான் கடினம். ‘எப்பம் வருவிய?’ என்று சித்தப்பா போனில் கேட்கும்போது, ‘விசா வந்தா இருபத்தி மூணுக்குக் கிளம்புவோம்’ என்று சொல்லிவிடுகிறோம். பேச்சுத் தமிழில் ‘வந்தா’ என்பது ‘வந்ததும்’ என்றும் காதில் விழும். வரும் என்பது உறுதி, நாள் மட்டும் பாக்கி என்று அவர் எடுத்துக்கொள்வார். மறுநாளே சமையல்காரருக்கு முன்பணம் போயிருக்கும். அதனால் ‘வராட்டி’ என்பதையும் சேர்த்து, யார் எப்போது கூப்பிடுவார் என்பதையும் சொல்லிவிடுங்கள்:

‘சித்தப்பா, விசா இன்னும் வரல்ல. நவம்பர் 12 வியாழக்கிழமை ராத்திரி நானே கூப்பிடுவேன். வந்தாச்சுன்னா பால்காய்ச்சு 29ஆம் தேதி ஞாயிறு. வராட்டி பொங்கல் கழிஞ்சு 17ஆம் தேதி ஞாயிறு. அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம், கார்டும் அடிக்க வேண்டாம்.’

விழா நாள் நமக்காக நகராது. பால்காய்ச்சு நகரும். ஆகவே பெருவிழாவுக்கு வருவோம் என்று வாக்குக் கொடுக்காமல், நகர்த்தக்கூடிய காரியத்துக்கு மட்டும் இரண்டு நாள் சொல்லுங்கள். நவம்பர் 12 இரவு, செய்தி எதுவும் இல்லையென்றாலும் சொன்னபடி கூப்பிட்டு ஜனவரி 17 என்று சொல்லிவிட வேண்டும். ‘இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று இழுத்தால் வார்டிலும் ஊரிலும் இரண்டு தேதிகளும் ஒருசேரக் கெடும். 13ஆம் தேதி காலையில் அனுமதி வந்து நின்றாலும் ஜனவரி ஜனவரிதான். வார்டில் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டாகிவிட்டது.