பாட்டுடன் படிக்கலாமா?

கோயில் கொடை நாட்களில் ஒலிபெருக்கியில் வில்லுப்பாட்டு கேட்கும்போது, பாளையங்கோட்டையில் என் தம்பி மகளுக்கு வரலாற்றுப் பாடம் மனத்தில் தங்கவில்லை. ஆனால் பழகிய கணக்குகளைத் தடையின்றிப் போட்டாள். படிக்கும் சொற்களை மனத்துக்குள் ஒலித்து நிறுத்திக்கொள்ளும்போது, காதில் விழும் பாட்டின் சொற்கள் இடையே புகுந்து அவற்றைக் கலைத்துவிடுகின்றன. மின்விசிறியின் சீரான இரைச்சலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. வெளிப்பேச்சை அது ஓரளவு மறைக்கவும் செய்யும். ஆகவே மனப்பாடம் செய்யும்போதும் கட்டுரை எழுதும்போதும் பாட்டை நிறுத்திவிடுங்கள்; படம் வரையும்போது வீணை இசையை மெதுவாக வைக்கலாம்.

ஐயமிருந்தால், ஒரே அளவுள்ள இரண்டு பாடப்பகுதிகளில் ஒன்றைப் பாட்டுடனும் மற்றொன்றைப் பாட்டின்றியும் 20 நிமிடம் படித்து, மறுநாள் காலை புத்தகம் பாராமல் நினைவுக்கு வருவதை எழுதி ஒப்பிடுங்கள். முதலில் படித்தது எது என்பதும் முடிவை மாற்றக்கூடும் என்பதால், வரிசையை மாற்றி இன்னும் இரண்டு நாட்கள் செய்து பாருங்கள்.