ஷூ கம்பெனியைப் பிரிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் இரண்டு ஷிப்மென்ட் தொடர்ந்து தள்ளிப்போனால் போதும், "அமைப்பையே மாத்தணும்" என்று பேச்சு வந்துவிடும். நான் பிளானிங்கில் இருந்த ஒரு கம்பெனியிலும் அப்படித்தான் நடந்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று மூன்று வகை ஷூ. நிர்வாகம் துறைவாரியாக இருந்தது. கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், ஃபினிஷிங் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர்.

துறைவாரி அமைப்பின் பலம் கைத்திறன். நல்ல கட்டர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், தோலில் எங்கே இழுவை, எங்கே வடு என்று புதுப் பையன் பெரியவர் பக்கத்தில் நின்றே கற்றுக்கொள்கிறான். பலவீனமும் அங்கேதான் பிறக்கிறது. ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி தோல் ஆனது என்பதை வைத்துத்தான் எங்கள் கட்டிங் தலைவரை எடைபோட்டார்கள். அதனால் அவர் ஒரே நிறத் தோல் ஆர்டர்களைச் சேர்த்து வெட்டினார். தோல் மிச்சமானது. ஆனால் நாளைக்கு வேண்டிய ஆர்டரின் நாக்குத் துண்டு மட்டும் வராமல் ஸ்டிச்சிங் லைன் நின்றது. கப்பலில் போக வேண்டிய சரக்கு கம்பெனி செலவில் விமானத்தில் போனது. அவரவர் துறைக் கணக்கில் எல்லோரும் சரி. ஆர்டருக்குப் பதில் சொல்ல முதலாளியைத் தவிர யாரும் இல்லை.

இங்கேதான் பெரிய தவறு நடந்தது. வகைக்கு ஒன்றாக மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றிலும் சொந்தக் கட்டிங் முதல் ஃபினிஷிங் வரை என்று உடைத்தார்கள். பிரிவுவாரி அமைப்புக்கு உண்மையான பலம் உண்டு. வெடிமருந்து தயாரித்து வந்த அமெரிக்காவின் டூபாண்ட், பெயிண்ட் போன்ற புதுத் தொழில்களில் இறங்கித் தடுமாறிய பிறகு 1921-ல் பொருள்வாரிப் பிரிவுகளுக்கு மாறியது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் சந்தையும் விற்கும் முறையும் வேறு வேறு. எங்களிடம் வேறாக இருந்தது அளவும் மாடலும்தான்.

ஷூவின் மேல் பாகமான அப்பரின் முனையை இழுத்து ஒட்டும் டோ லாஸ்டிங் மெஷின் எங்களிடம் இரண்டு. ஆண்கள் ஷூவுக்கு ஒரு மெஷினின் நேரத்தில் 80 சதவீதம் வேண்டும், பெண்களுக்கு 60, குழந்தைகளுக்கு 40. கூட்டினால் 180. இரண்டு மெஷினுக்குள் அடங்கிவிடும். பிரித்த பிறகு மூன்று பிரிவுத் தலைவர்களும் ஆளுக்கொன்று கேட்டார்கள். மூன்றாவதை வாங்கினால் 300-ல் 120 சும்மா நிற்கும். வாங்காவிட்டால் தினமும் இழுபறி. பெரிய அப்பருக்கு வெட்டிய மீதியில் குழந்தை ஷூவின் சிறு துண்டுகள் எடுக்கும் வழக்கமும் நின்றது. பக்கத்துப் பிரிவின் மீதியை யாரும் கணக்கில் ஏற்ற விரும்பவில்லை. பிரிக்கும் முன் இப்படி மெஷின் வாரியாக ஒரு தாளில் கூட்டிப் பார்த்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும்.

அப்புறம் மேட்ரிக்ஸ். துறைகளைப் பழையபடி சேர்த்து, குறுக்கே ஆர்டருக்கு ஒரு பொறுப்பாளரை வைத்தார்கள். மெஷினும் கைத்திறனும் பொதுவில் இருக்க, ஆர்டருக்கும் ஒரு சொந்தக்காரர் கிடைப்பதுதான் இதன் பலம். தொழிலாளிக்கு இரண்டு மேலதிகாரி வருவது பலவீனம். முதல் வாரமே ஒரு கட்டர் என்னிடம் வந்து, "அண்ணே, அவரு கறுப்பை வெட்டுங்கறாரு, இவரு பிரவுனை முடிங்கறாரு. நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்றார். அவர் கேட்டது நியாயம். அதிகாரத்தை எப்படிப் பங்கிடுவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த ஆர்டர் முதலில், எந்தத் தேதிக்குள் என்பதைப் பொறுப்பாளர் சொல்ல வேண்டும். யார், எந்த மெஷினில், எப்படி என்பதைத் துறைத் தலைவர் சொல்ல வேண்டும். இரண்டு ஆர்டர்கள் மோதினால் பிளானிங் தலைவர் அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும்.

எழுதி ஒட்டிய பிறகும் ஒரு ஓட்டை இருந்தது. இன்கிரிமென்ட் கையெழுத்து துறைத் தலைவரிடம் மட்டுமே இருந்ததால், பொறுப்பாளர் சொன்னதை எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், செய்யவில்லை. அவர் தகவல் சொல்பவராகவே நின்றுவிட்டார். கட்டிங் தலைவரின் மதிப்பீட்டில் தோல் கணக்கோடு, துண்டுகள் முழு செட்டாகத் தேதிக்கு வந்தனவா என்பதையும் சேர்த்து, அந்தப் பகுதியைப் பொறுப்பாளர் போடட்டும் என்று மாற்றினோம். அதன் பிறகுதான் நாக்குத் துண்டு நேரத்துக்கு வந்தது.

உங்கள் கம்பெனியில் மாற்றம் பற்றிப் பேச்சு வந்தால், முதலாளி வரை போகும் தகராறுகளை ஒரு மாதம் நோட்டில் குறியுங்கள். ஒரே ஆர்டருக்காகத் துறைகள் மோதினால் ஆர்டருக்கு ஒரு பொறுப்பாளர் போதும். இரும்பு முனை வைத்து, அடிப்பாகத்தை அச்சில் ஊற்றிச் செய்யும் சேஃப்டி ஷூ மாதிரி மெஷினும் வாங்குபவரும் வேறான சரக்கில் மோதல் என்றால், அதை மட்டும் தனிப் பிரிவாக்கலாம். ஒரே வகைச் சரக்கு, நாலைந்து பெரிய ஆர்டர்தான் என்றால் துறைவாரியாகவே விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு அரை மணி நேரக் கூட்டத்தில் அது ஓடிவிடும்.