நூறாவது கட்டுரையில் வாசகருக்கு நன்றி சொல்வது எப்படி?

ஒரு தொடரின் நூறாவது கட்டுரையைப் படிக்க வருபவர்களில் மிகச் சிலரே முந்தைய தொண்ணூற்றொன்பதையும் படித்திருப்பார்கள். பலர் ஐந்தாறு படித்திருப்பார்கள், சிலருக்கு இதுதான் முதல் கட்டுரையாக இருக்கும். இத்தனை பேருக்கும் பொதுவாக ‘நூறு தொட்டுவிட்டோம், நன்றி’ என்று எழுதினால் அதிலிருந்து எடுத்துப் போக எதுவும் இருக்காது. நூறிலிருந்து பொறுக்கியெடுத்த ஐந்து விஷயங்களை, பழையதைத் தேடிப் போகாமலே பயன்படுத்தக்கூடிய வடிவில் கொடுத்தால் அந்த நன்றிக்குக் கனம் வரும். அதை எப்படித் தயாரிப்பது என்று படிப்படியாகப் பார்க்கலாம். விளக்கத்துக்காக, வீட்டிலேயே சைக்கிள் பராமரிப்பது பற்றி நூறு கட்டுரை எழுதிய ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

படி 1: நூறையும் ஒரே பட்டியலில் கொண்டுவருங்கள்

நினைவிலிருந்து தேர்ந்தெடுக்காதீர்கள். நினைவில் நிற்பவை எழுதக் கஷ்டப்பட்ட கட்டுரைகளும் அண்மையில் எழுதியவையும்தான், வாசகருக்குப் பயன்பட்டவை வேறாக இருக்கலாம். ஒரு தாளிலோ விரிதாளிலோ நூறு வரிசை போடுங்கள். கட்டுரை எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் போதும்: அது எந்தக் கேள்விக்குப் பதில், படித்த பிறகும் வாசகர்கள் திரும்பக் கேட்டது என்ன, யாராவது பிழை சுட்டினார்களா.

முதல் கட்டத்தில் தலைப்பை எழுதாமல் கேள்வியை எழுதுவது முக்கியம். ‘செயின் எனும் உயிர்நாடி’ என்ற தலைப்பு ஒன்றும் சொல்லாது. ‘செயினை எப்போது மாற்றுவது?’ என்று எழுதினால், 14, 52, 77 என மூன்று கட்டுரைகள் இதே கேள்வியைச் சுற்றியிருப்பது கண்ணில் படும். நூறு கட்டுரை இருந்தாலும் நூறு கேள்விகள் இருக்காது. ஒன்றை ஒன்று தொடுகிறவற்றை இந்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒரு வரிசைக்கு மூன்று நிமிடம் என்றால் மொத்தம் ஐந்து மணி நேரம். ஒரே மூச்சில் செய்தால் கடைசி முப்பது கட்டுரைகள் அவசரத்தில் போய்விடும், எனவே இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஐந்தைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். அதிகம் பேர் படித்த ஐந்தை அப்படியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். மொத்த எண்ணிக்கை பழைய கட்டுரைக்குச் சாதகமானது, ஏனென்றால் அதற்குக் கிடைத்த காலம் அதிகம். உதாரணமாக, மூன்று ஆண்டுக்கு முன் வந்த 8ஆம் கட்டுரையை 9,000 பேரும், இரண்டு மாதம் முன் வந்த 91ஆம் கட்டுரையை 1,800 பேரும் படித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிவந்த முதல் 30 நாளை மட்டும் பார்த்தால் 8க்கு 600 பேர், 91க்கு 1,500 பேர். ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவது கணக்கை.

அதுவும் முழுச் சான்று ஆகாது. கவர்ச்சியான தலைப்புக்காகப் படிக்கப்பட்ட கட்டுரைகள் உண்டு. எங்கள் கணிப்பில் இதைவிட நம்பகமானது பட்டியலின் இரண்டாவது கட்டம். ஒரே கேள்வியை மூன்று பேர் தனித்தனியாக அனுப்பியிருந்தால், விஷயம் தேவையானது, ஆனால் பழைய விளக்கம் போதவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவைதான் நூறாவது கட்டுரைக்கு உரியவை, திருத்தி எழுத ஒரு வாய்ப்பும் கிடைக்கிறது.

நம் உதாரணத்தில் பெடல் ஒரு நல்ல தேர்வு. ‘இடப்பக்கப் பெடல் கழலவே மாட்டேன் என்கிறது’ என்று பலர் கேட்டிருப்பார்கள். பழைய கட்டுரையில் ‘இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும்’ என்று எழுதியிருப்போம். உண்மைதான், ஆனால் சைக்கிளின் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதில் குழம்பி, படிப்பவர் மறுபடியும் இறுக்கும் திசையிலேயே திருப்புவார். அதையே, ‘ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள், அதைப் பின்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளுங்கள், இரண்டு பெடலும் இந்தத் திசையில்தான் கழலும்’ என்று சொன்னால் இடம், வலம் என்ற யோசனையே தேவையில்லை.

ஐந்துக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிதான் மிஞ்சும், கட்டுரை பொருளடக்கம் போலாகிவிடும்.

படி 3: பழையதைச் சரிபார்த்த பிறகே எடுங்கள்

தேர்ந்த ஐந்தையும் முழுதாகத் திரும்பப் படியுங்கள். அளவு, பொருளின் பெயர், செய்யும் வரிசை மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், முடிந்தால் அந்த வேலையை ஒருமுறை செய்தே பாருங்கள். பழைய கட்டுரையில் பிழை இருந்து, அதை நூறாவதிலும் எடுத்து வைத்தால், இந்த முறை அது நல்லவற்றுள் ஒன்று என்ற முத்திரையோடு பரவும்.

படி 4: ஒவ்வொன்றையும் தனித்து நிற்கும்படி எழுதுங்கள்

வேலையின் பெரும்பகுதி இதுதான். செயின் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி இருக்கும்:

‘செயின் தேய்மானம் பற்றி 52ஆம் கட்டுரையில் விரிவாகப் பார்த்தோம். பலருக்கும் பிடித்த கட்டுரை அது. செயினை அவ்வப்போது சோதித்து, தேவைப்படும்போது மாற்றுவது நல்லது.’

இதை வைத்து ஒருவரும் ஒரு செயினையும் சோதிக்க முடியாது. ‘அவ்வப்போது’, ‘தேவைப்படும்போது’ என்ற இரண்டு சொற்களும் பதில் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வரைவில் இத்தகைய சொல் வந்தால் கோடிட்டு, அந்த இடத்தில் ஓர் அளவையோ அடையாளத்தையோ வைக்க முடியுமா என்று பாருங்கள். திருத்திய வடிவம் இது:

‘சைக்கிள் செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடு வரை அரை அங்குலம். ஆகவே புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். பெடலை மெல்ல அழுத்திச் செயினை விறைப்பாக வைத்து, உலோக அளவுகோலின் பூஜ்யத்தை ஓர் ஆணியின் நடுவில் பொருத்துங்கள். 24 கண்ணி தள்ளியுள்ள ஆணி 12 அங்குலக் கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் பின்சக்கரத்துப் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அந்த நிலையில் புதுச் செயினை மட்டும் போட்டால், அழுத்தி மிதிக்கும்போது அது பல்லைவிட்டு வழுக்கும்.’

இதில் நான்கு கூறுகள் இருக்கின்றன: என்ன செய்ய வேண்டும், எந்த அளவில் முடிவெடுப்பது, தள்ளிப்போட்டால் என்ன ஆகும், அதை எப்படி உணர்வது. செயின் விறைப்பாக இருக்க வேண்டும் என்ற சிறு குறிப்பை நீக்கிவிடாதீர்கள். தளர்ந்த செயினில் அளந்தால் ஆணிக்குள் இருக்கும் இடைவெளி மறைந்துபோய், தேய்ந்த செயினும் நல்லது போலக் காட்டும். நூறு கட்டுரை எழுதியவருக்கு இது கைப்பழக்கமாகிவிடுவதால்தான் எழுத மறந்துபோகிறது.

பஞ்சர் ஒட்டுவதற்கும் இதே முறை. ‘சொல்யூஷன் தடவி ஒட்டுங்கள்’ என்பது போதாது. உரசிய இடத்தில் பேட்ச்சைவிடச் சற்றுப் பெரிய வட்டமாகச் சொல்யூஷனை மெல்லிதாகத் தடவி, ஈரப் பளபளப்பு போய் மங்கும்வரை, சுமார் ஐந்து நிமிடம், காத்திருக்கச் சொல்லுங்கள். ஈரமாக இருக்கும்போதே பேட்ச்சை வைத்தால் உள்ளே மாட்டிய கரைப்பான் வெளியேற வழியின்றிப் பிடிப்பு உண்டாகாது, காற்றடித்ததும் ஓரம் கிளம்பும். அடுத்து, டயரின் உட்புறத்தைத் தடவி முள்ளைத் தேடச் சொல்லுங்கள். சரியாக ஒட்டியும் மறுநாள் அதே இடத்தில் காற்றுப் போனால் முள் இன்னும் டயரிலேயே இருக்கிறது.

படி 5: நன்றியைக் குறிப்பாகச் சொல்லுங்கள்

இதைக் கடைசியில் எழுதி, கட்டுரையின் தொடக்கத்தில் வையுங்கள். ஐந்து பகுதிகளும் தயாரான பிறகுதான் யாருக்கு எதற்கு நன்றி சொல்கிறோம் என்பது தெளிவாகும். மூன்று நான்கு வாக்கியம் போதும். ‘உங்கள் ஆதரவுக்கு நன்றி’ என்பதை எந்தத் தொடரிலும் ஒட்டலாம். அதற்குப் பதில், ‘இடப்பக்கப் பெடல் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவர்களால்தான் அந்த விளக்கம் மாறியது, நன்றி’ என்று எழுதுங்கள். கேட்டவருக்குத் தன் கேள்வி என்ன ஆனது என்று தெரியும். பெயர் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பதில் வராவிட்டால் ‘ஒரு வாசகர்’ என்றே இருக்கட்டும்.

பட்டியலின் மூன்றாவது கட்டம் இங்கே உதவும். பிழை சுட்டியவர்களுக்கான நன்றியில் அந்தப் பிழையையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். உதாரணமாக: ‘14ஆம் கட்டுரையில் செயினின் தகடுகள் இழுபட்டு நீளுகின்றன என்று எழுதியிருந்தோம், அது தவறு. ஆணிகளும் அவை உராயும் பரப்புகளும் தேய்வதால்தான் கண்ணிகளுக்கு இடையே தூரம் கூடுகிறது.’ பழைய எண், தவறு, சரி என்ற மூன்றும் இருந்தால் போதும். நீண்ட வருத்தம் தேவையில்லை. 14ஆம் கட்டுரையிலும் அன்றே திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் முரண்பட்டு நிற்கும்.

மொத்தம் 1,200 சொல் என்றால் நன்றிக்கு 100, ஐந்து பகுதிகளுக்குச் சேர்த்து 900, திருத்தங்களுக்கு 150, மீதி முடிவுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்துக்கும் சமமாகப் பங்கிட வேண்டாம். செயினுக்கு 250 சொல் தேவைப்படும், பெடலுக்கு 80 போதும்.

படி 6: ஒருவரை வைத்துச் சோதியுங்கள்

தொடரைப் படிக்காத ஒருவரிடம் செயின் பகுதியை மட்டும் கொடுத்து, அளவுகோலோடு சைக்கிள் முன் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வாக்கியத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் ‘எந்த ஆணியிலிருந்து எண்ணுவது?’ என்ற இடத்தில் நிற்பார்கள். பூஜ்யத்தில் இருக்கும் ஆணியைச் சேர்க்காமல், அடுத்ததை ஒன்று என எண்ண வேண்டும் என்ற வரியைச் சேர்த்தால் அது தீரும்.

படி 7: ஒரு கேள்வியோடு நிறுத்துங்கள்

இருநூறாவது கட்டுரை எப்போது வரும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் வாழ்த்துகள் வரும், தகவல் வராது. ‘உங்கள் சைக்கிளில் கடைசியாகப் பாதியில் விட்ட வேலை எது, எந்த இடத்தில் நின்றது?’ என்று கேளுங்கள். வரும் பதில்களை அதே பட்டியலின் கீழே, 101ஆம் வரிசையிலிருந்து, கேள்விக் கட்டத்தில் எழுதத் தொடங்கலாம்.