10-க்கு 8 அடி கான்கிரீட் தளம்: எத்தனை மூட்டை சிமெண்ட், எவ்வளவு மணல், எவ்வளவு செலவு?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி நிறுத்த ஒரு தளம் போட்டோம். நீளம் 10 அடி, அகலம் 8 அடி, கனம் 4 அங்குலம். கணக்கை நானே போட்டு 4 மூட்டை சிமெண்ட் வாங்கினேன். வேலை 7 அடியைக்கூட எட்டவில்லை, கலவை தீர்ந்துவிட்டது. மீதியை மறுநாள் போட்டோம். பழைய கான்கிரீட்டும் புதியதும் சேர்ந்த இடத்தில் சில மாதங்களிலேயே நேர்கோடாக விரிசல் விட்டது. இன்றும் மழை பெய்தால் தண்ணீர் அந்தக் கோட்டில்தான் முதலில் இறங்குகிறது. நான் விட்டது ஒரே ஒரு பெருக்கல். அதே தளத்தை இப்போது சரியாகக் கணக்கிடுவோம்.

முதலில் கன அளவு. 4 அங்குலத்தை 12-ஆல் வகுத்து அடியாக்கிக்கொள்ளுங்கள்.

```
10 × 8 × (4 ÷ 12) = 26.67 கன அடி
```

இது தளம் இறுகி நிற்கும்போது உள்ள அளவு. ஆனால் கடையில் வாங்குவது உதிரியான பொருள். ஜல்லிக்கு நடுவே உள்ள சந்துகளில் மணல் போய் உட்காரும், மணலின் சந்துகளில் சிமெண்ட்டும் தண்ணீரும் நிறையும். அதனால் கலந்தபின் அளவு குறைந்துவிடும். இதை ஈடுகட்ட 1.54-ஆல் பெருக்குவது வழக்கம். நான் விட்டது இதைத்தான்.

```
26.67 × 1.54 = 41 கன அடி
```

வண்டி நிற்கும் தளத்துக்கு 1 : 1½ : 3 கலவை போதும். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் அங்குல ஜல்லி, மொத்தம் 5.5 பங்கு. 41-ஐ 5.5-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 7.45 கன அடி. 50 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 1.25 கன அடி சிமெண்ட் இருக்கும். ஆக:

```
சிமெண்ட்: 7.45 ÷ 1.25 = 6 மூட்டை
மணல்: 7.45 × 1.5 = 11.2 கன அடி
ஜல்லி: 7.45 × 3 = 22.4 கன அடி
```

சரி, இதையே அப்படியே வாங்கலாமா? வேண்டாம். தோண்டிய தரை எங்கும் ஒரே மட்டமாக இருக்காது. சராசரியாக அரை அங்குலம் பள்ளமாக இருந்தாலே எட்டில் ஒரு பங்கு பொருள் கூடுதலாகப் போகும். நூல் கட்டி, திமிசு போட்டு இறுக்கியபின், நூலிலிருந்து தரைவரை ஒன்பது பத்து இடங்களில் டேப்பால் அளந்து பாருங்கள். அப்புறம், எம்-சாண்ட் ஈரமாக வந்தால் உப்பி நிற்கும். பார்க்க நிறைய இருக்கும், உள்ளே மணல் குறைவு. இதற்கெல்லாம் சேர்த்து 7 மூட்டை சிமெண்ட், 14 கன அடி மணல், 26 கன அடி ஜல்லி என்று வாங்குங்கள்.

எங்கள் பக்கச் சந்துகளில் லாரி நுழையாது. மணலும் ஜல்லியும் பழைய சிமெண்ட் சாக்கில் மூட்டையாக வரும். வாய் கட்டிய சாக்கில் எத்தனை கன அடி இருக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும். அதனால் 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் அடியில்லாத ஒரு பலகைப் பெட்டி அடித்துக்கொள்ளுங்கள். அது சரியாக 1.25 கன அடி பிடிக்கும், அதாவது ஒரு மூட்டை சிமெண்ட் அளவு. வந்த சரக்கை அதில் அளந்து பார்க்கலாம். கலக்கும்போதும் ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. பாண்டு கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், பெட்டி மாறாது.

தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டரைத் தாண்டக் கூடாது. மட்டமடிக்க எளிதாக இருக்கிறதென்று இன்னும் ஒரு குடம் ஊற்றினால் மேல்தோல் பிறகு தூளாக உதிரும். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்புக் கரித்தால், குடிநீர் லாரித் தண்ணீரே நல்லது.

செலவுக்கு நான் வைத்த விலைகள் இவை. உங்கள் கடை விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

```
சிமெண்ட்: 7 × 400 = 2,800
எம்-சாண்ட்: 14 × 70 = 980
முக்கால் ஜல்லி: 26 × 50 = 1,300
குட்டி யானை வாடகை = 800
கொத்தனார் 1,100 + ஆள் இருவர் 1,600 = 2,700
மொத்தம் = 8,580 ரூபாய்
```

தெருமுனையில் இறக்கி உள்ளே தூக்கி வரவேண்டும் என்றால் அந்தக் கூலியைத் தனியாகப் பேசுங்கள். இந்தக் கணக்கு தரையில் படுக்கும், கம்பி இல்லாத தளத்துக்கு மட்டும். மொட்டை மாடித் தளத்துக்குக் கம்பியும் கனமும் பொறியாளர்தான் சொல்லவேண்டும்.

காலையிலேயே தொடங்கி ஒரே மூச்சில் முடியுங்கள். மறுநாளிலிருந்து பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு நனையுங்கள். ஏழாவது மூட்டையைக் கடைசிவரை பிரிக்காதீர்கள். மிஞ்சினால் திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும்போதே கடையில் கேட்டுவிடுங்கள்.