அப்பாவின் உயிலில் பென்சில் காட்டிய ஓட்டை

அப்பாவின் உயில் வரைவில் "பினாங்கு வீடு என் தங்கைக்கு" என்றிருந்தது. ஏதோ இடித்தது. மூன்று நாள் பெயர்களையும் அடையாள அட்டை எண்களையுமே சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒவ்வொரு பெயரையும் பென்சிலால் அடித்து, "இவர் அப்பாவுக்கு முன்பே இறந்தால்?" என்று படித்தேன். அத்தையின் பெயரில் வாக்கியம் நின்றுவிட்டது.

பங்கு தானாக அத்தை பிள்ளைகளுக்குப் போகும் என்று அப்பா நம்பியிருந்தார். மலேசியாவின் 1959 உயில் சட்டம் அந்தச் சலுகையை உயில் எழுதுபவரின் சொந்தப் பிள்ளை, பேரப்பிள்ளை வழிக்குத்தான் தருகிறது, தங்கைக்கு இல்லை. அத்தை மகளை மாற்று வாரிசாகச் சேர்த்தோம்.

பினாங்கில் ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் அப்பாவுக்கு வீடு உண்டு, அதனால் எந்த வீடு என்று அதன் உரிமைப் பத்திரமான கிராண்டின் எண்ணோடு எழுதினோம். "மூத்தவன் பார்த்துக்கொள்வான்" என்ற வரி, "நிறைவேற்றுநராக நியமிக்கிறேன், அவரால் இயலாவிட்டால் என் மகள்" என்றானது. நிம்மதி.