எரிபொருட் கலத்தின் வினைத்திறன்: அந்த 83 வீதம் எப்படி வருகிறது?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் ஐதரசன் எரிபொருட் கலத்தின் உச்ச வினைத்திறனைக் காணும் கணக்கில் 83, 94, 98 என்று ஆளுக்கொரு விடை கொண்டுவருவார்கள். முதல் இரண்டும் சரி, மூன்றாவது பிழை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கலத்தாக்கத்தை நிலைகளோடு எழுதுங்கள், (l) என்பதை விட்டுவிடாதீர்கள், முழுக் கணக்கும் அதில்தான் தொங்குகிறது.

```
H2(g) + ½O2(g) → H2O(l)
ΔH° = −285.8 kJ/mol
ΔG° = −237.1 kJ/mol   (25 °C)
```

வெப்பவுள்ளுறை மாற்றம் ΔH என்பது ஐதரசனை எரித்தால் கிடைக்கும் மொத்த வெப்பம். கிப்ஸ் சக்தி மாற்றம் ΔG என்பது அதில் மின்சாரமாக எடுக்கக்கூடிய உச்ச அளவு. அப்புறம் என்ன, ஒன்றை மற்றதால் வகுத்தால் போதும்:

```
237.1 / 285.8 = 0.83
```

மீதி 48.7 kJ எங்கே போனது? ஒன்றரை மூல் வாயு ஒரு மூல் திரவமாகச் சுருங்கும்போது எந்திரப்பி குறைகிறது (ΔS° = −163.3 J/K mol), அந்தக் குறைவுக்கு ஈடாக TΔS அளவு வெப்பம் வெளியே போயே ஆகவேண்டும், கலத்தை எவ்வளவு திறமாகச் செய்தாலும் இதைத் தடுக்க முடியாது.

இனி அந்தப் பிழைக்கு வருவோம். நீர் ஆவியாக வெளியேறுகிறது என்று எடுத்தால் ΔH° −241.8, ΔG° −228.6, வினைத்திறன் 94.5 வீதம். அதே கலம்தான், மேலேயும் கீழேயும் போடும் எண்கள்தான் மாறின. திரவ நீரின் ΔG-ஐ எடுத்து நீராவியின் ΔH-ஆல் வகுப்பவர்களுக்குத்தான் 98 வருகிறது. அட்டவணையில் இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதால் கண் இலகுவில் தாவிவிடும். 98ஐக் கண்டால் உடனே (l), (g) பாருங்கள்.

வெப்பநிலை மாறினால் ΔG = ΔH − TΔS போடுங்கள், ΔH, ΔS பெரிதாக மாறாது என்று எடுத்துக்கொள்ளலாம். நுவரெலியாவின் 16 °C, அதாவது 289 K-இல் ΔG ஏறக்குறைய −238.6, வினைத்திறன் 83.5 வீதம். 80 °C-இல் 80 வீதம்தான். குளிர் நல்லது போலத் தெரியும், ஆனால் இது உச்ச வரம்பு மட்டுமே. குளிரில் தாக்கம் மந்தமாகும், மென்சவ்வின் தடையும் கூடும், ஆகவே உண்மையான கலம் அங்கே சிறப்பாக ஓடாது.

உண்மையான கலத்தை அளக்க வோல்ற்றுமானி போதும். ΔG-ஐ 2F-ஆல் வகுத்தால் 1.23 V, ΔH-ஐ வகுத்தால் 1.48 V. சுமையோடு இணைத்த ஒரு கலம் 0.70 V காட்டினால்:

```
0.70 / 1.48 = 0.47
```

47 வீதம். உள்ளே விட்ட ஐதரசன் முழுதும் தாக்கமடைந்தால்தான் இது செல்லும். கசிந்தோ தாக்கமடையாமலோ 5 வீதம் வெளியே போனால் 0.95-ஆலும் பெருக்குங்கள், 45க்கு வந்துவிடும்.